மக்லுவார் அம்மாளின் ஆறு கரண்டிகள்

விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலை, சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த காலத்திலிருந்து நம்மில் பலர் அறிவோம். நாவலை வாசிக்காதவர்களுக்கும் அதன் ஒரு காட்சி தெரிந்திருக்கும். சிறையிலிருந்து வந்த ழான் வல்ழானுக்கு ஒரு மேற்றிராணியார் உணவும் படுக்கையும் தருகிறார். அவன் இரவில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காலையில் காவலர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு வரும்போது, அவை தாம் கொடுத்தவைதான் என்று சொல்லும் மேற்றிராணியார், வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள் இரண்டையும் கூடவே எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார்.

அந்தக் காட்சியில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். மேற்றிராணியாரின் தங்கை பப்தீஸ்தீன் அம்மையார் ஒருவர், வேலைக்காரி மக்லுவார் அம்மாள் மற்றவர். தண்டுகள் கைமாறும் நேரத்தில் அவர்களுக்கு ஹ்யூகோ ஒரே ஒரு வாக்கியம் தருகிறார். மேற்றிராணியாருக்கு இடையூறாக ஒரு சொல்லோ, ஒரு அசைவோ, ஒரு பார்வையோ இல்லாமல் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே அதன் பொருள். பல முறை வாசித்தும் நான் அந்த வாக்கியத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு மீண்டும் வாசித்தபோது அதிலேயே நின்றுவிட்டேன். அந்த வெள்ளியை நாள்தோறும் துலக்கி, எண்ணி, அலமாரியில் வைத்தவள் மக்லுவார். அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? அந்தக் கேள்வியோடுதான் அவள் கண்வழியாக அக்காட்சியைத் திரும்பச் சொல்லும் சிறுகதையை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. மூன்று வரைவுகள் வீணாயின.

முதல் வரைவின் இரண்டாம் பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: "ஒரு ரொட்டிக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் வாடிய அந்த மனிதன் எங்கள் கதவைத் தட்டினான்." எழுதும்போது நல்ல வாக்கியமாகத்தான் தோன்றியது. ஒரு வாரம் கழித்து நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அது முழுப் பொய் என்று தெரிந்தது. ரொட்டித் திருட்டை ஹ்யூகோ வாசகருக்குச் சொல்வது, இரவுணவு முடிந்து அவன் தூங்கிய பிறகு வரும் வேறொரு அத்தியாயத்தில். அன்றிரவு அந்த வீட்டில் இருந்த மூவருக்கும் அது தெரியாது. அவன் தன் மஞ்சள் கடவுச்சீட்டிலிருந்து உரக்கப் படித்துக் காட்டியது இவ்வளவுதான்: பூட்டுடைத்துத் திருடியதற்கு ஐந்து ஆண்டுகள், நான்கு முறை தப்பிக்க முயன்றதற்குப் பதினான்கு ஆண்டுகள், மிகவும் ஆபத்தானவன். ஆகவே மக்லுவார் கண்ணில் அவன் பசிக்குத் திருடிய ஏழை அல்லன், பூட்டுடைக்கும் திருடன். அவள் அஞ்சியது கல்நெஞ்சத்தால் அன்று, அவள் கையில் இருந்த செய்திக்கு அச்சம்தான் பொருத்தமான விடை. அந்த ஒரு வாக்கியத்தை அடித்ததும் கதையே வேறாகிவிட்டது. அதுவரை நான் அவளைச் சற்றுக் கீழே வைத்து, இரக்கம் கற்றுக்கொள்ள வேண்டியவளாக எழுதியிருந்தேன்.

சிறு பாத்திரத்தின் வழியே பெரிய காட்சியைச் சொல்ல முயல்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது என்றே நினைக்கிறேன். நாவலாசிரியர் நமக்குச் சொன்னதையெல்லாம் அந்தப் பாத்திரத்துக்கும் சொல்லிவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. நான் கண்டுகொண்ட சோதனை எளிமையானது. ஒவ்வொரு வாக்கியத்தின் எதிரிலும், இதை அவள் எங்கே நின்று பார்த்தாள், யார் வாயால் கேட்டாள் என்று எழுதிப் பார்ப்பேன். விடை இல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாயிருந்தாலும் போக வேண்டும். திருட்டு நடந்த நேரத்தையும் இந்தச் சோதனைதான் என்னிடமிருந்து பறித்தது. கோயில் மணி இரண்டு அடிக்க அவன் விழித்துக்கொள்வதும், தூங்கும் கிழவரின் முகத்தில் நிலவு விழுவதும், அவன் கையில் இரும்புத் துண்டோடு அந்தப் படுக்கையருகே நிற்பதும் நாவலின் மிகச் சிறந்த பக்கங்களில் சேர்ந்தவை. மக்லுவார் அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் வரைவில் அவளை எழுப்பிப் படிக்கட்டில் நிறுத்தி, கதவிடுக்கால் எட்டிப் பார்க்க வைத்தேன். பார்த்துவிட்டுக் கூச்சலிடாமல் இருந்தால் அவள் வேறு பெண்ணாகிவிடுகிறாள். கூச்சலிட்டால் ஹ்யூகோவின் காட்சியே நடவாது. அந்த மூன்று பக்கங்களையும் கிழித்தேன். அவளைப் பொறுத்தவரை அந்தத் திருட்டு, விடிந்த பிறகு காணாமற்போன ஒரு கூடை, அவ்வளவே.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று காத்திருந்தது. நேர்மையான மனிதனாவதற்கே இந்த வெள்ளியைப் பயன்படுத்துவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய், மறந்துவிடாதே, உன் ஆன்மாவை நான் விலைக்கு வாங்குகிறேன் என்னும் கருத்துப்பட மேற்றிராணியார் பேசும் இடந்தான் காட்சியின் உச்சம். காவலர்கள் போன பிறகு, அவனருகே சென்று, தாழ்ந்த குரலில் சொன்னார் என்று ஹ்யூகோ குறிக்கிறார். இத்தனை ஆண்டுகளாக அந்தத் தாழ்ந்த குரல் என் காதில் விழவே இல்லை. வாசகனாகிய நான் அவர்களுக்கு நடுவே நின்று கேட்டேன், சில அடிகள் தள்ளி நின்ற பெண்கள் கேட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்லுவார் கதையில் அந்தப் புகழ்பெற்ற சொற்கள் வரக் கூடாது என்று முடிவு செய்தேன். அவள் காண்பது, கிழவர் அவனிடம் எதையோ சொல்வதும், அவன் பேச்சற்று நிற்பதுந்தான். உச்சத்தை எடுத்துவிட்டால் கதையில் எது நிற்கும் என்ற பயம் பல நாள்கள் இருந்தது.

நின்றது வெள்ளி. அவர்களிடம் இருந்தவை ஆறு பேருக்குரிய வெள்ளிக் கரண்டிகளும் முள்கரண்டிகளும், ஒரு பெரிய அகப்பையும், பாட்டி முறையான ஓர் உறவினர் வழியாக வந்த அந்த இரண்டு தண்டுகளுமே. மேற்றிராணியாருக்கு ஆண்டுக்கு 15,000 பிராங்கு ஊதியம். அதில் 1,000 பிராங்கை மட்டும் வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் தருமத்துக்கு எழுதிவைத்துவிட்டார். தங்கைக்கு வரும் 500 பிராங்கையும் சேர்த்து 1,500இல் மூன்று முதியவர்களின் குடித்தனத்தை நடத்தியவள் மக்லுவார். வண்டிச் செலவுக்கென்று அவருக்கு 3,000 பிராங்கு கிடைத்தபோது, மற்றவர்களுக்கெல்லாம் செய்து முடித்து ஒருவழியாக நமக்கும் வந்தது என்று அவள் மகிழ்ந்ததும், அன்று மாலையே அவர் அதையும் மருத்துவமனைக்கும் அநாதைகளுக்கும் பிரித்து எழுதிய தாளைத் தங்கையிடம் நீட்டியதும் நாவலிலேயே இருக்கின்றன. அந்த வீட்டில் எஞ்சியிருந்த ஒரே ஒளி, முரட்டு வெள்ளைத் துணிமேல் பளபளத்த அந்தக் கரண்டிகள். வெள்ளியில் சாப்பிடுவதை விட்டுவிடுவது எனக்குக் கடினம் என்று மேற்றிராணியாரே ஒப்புக்கொண்டவர்.

நாவலை மக்லுவாரின் கைகளை மட்டும் பின்தொடர்ந்து வாசித்தபோது, ஒரு ஒழுங்கு புலப்பட்டது. இந்த விளக்கு வெளிச்சம் போதவில்லையே என்று மேற்றிராணியார் சொல்கிறார். அவள் பேசாமல் போய், அவர் அறையில் அடுப்புத்திட்டின்மேல் இருந்த வெள்ளித் தண்டுகளைக் கொண்டுவந்து ஏற்றி வைக்கிறாள். மேசையில் ஏதோ குறைகிறதே என்கிறார். விருந்தாளி வந்தால் ஆறு பேருக்கான வெள்ளியையும் பரப்பி வைப்பது அந்த வீட்டு வழக்கம், அவளோ தேவையான மூன்றை மட்டும் வைத்திருக்கிறாள். இப்போதும் பேசாமல் போய் மற்ற மூன்றையும் கொண்டுவந்து வைக்கிறாள். இரண்டு முறையும் பாதிப் பேச்சிலேயே அவர் மனத்தை அவள் அறிந்துகொள்கிறாள். காலையில் மூன்றாம் முறை, தண்டுகளை எடுக்க அவர் அவளைக் கேட்கவில்லை, தாமே அடுப்புத்திட்டுக்கு நடந்துபோய் எடுக்கிறார். அவளது மௌனத்துக்கு அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. அது அஞ்சி அடங்கிய மௌனம் அன்று. முந்தைய இரவு இரண்டு முறை அவரைப் புரிந்துகொண்ட அதே மௌனந்தான்.

இவற்றைக் காட்டிலும் என்னை உலுக்கியது ஒரு சிறு குறிப்பு. விருந்தாளியைப் படுக்கைக்கு அழைத்துச் செல்லும் வழி மேற்றிராணியாரின் அறையைக் கடந்துதான் போகிறது. அவன் கடக்கும் அந்தக் கணத்தில், கட்டிலின் தலைமாட்டிலுள்ள அலமாரியில் மக்லுவார் வெள்ளியை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வோர் இரவும் உறங்கப் போகுமுன் அவள் செய்யும் கடைசி வேலை அது. அப்படியானால் வெள்ளி இருக்கும் இடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது அவள் கைகள்தாம். ஹ்யூகோ அதை அவள் மனத்துக்குள் கொண்டுபோகவில்லை. அது ஒன்றுதான் அவர் எனக்காகத் திறந்து வைத்த கதவு என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு பாத்திரத்தைப் பேச விடுவது ஹ்யூகோவுக்குத் தெரியாத கலை அன்று. அந்த இரவுணவின் உரையாடலை அவர் நேராகச் சொல்லாமல், பப்தீஸ்தீன் அம்மையார் ஒரு சிநேகிதிக்கு எழுதிய கடிதத்தின் வழியாகவே தருகிறார். அண்ணன் அந்த மனிதனிடம் அவன் பழங்கதையைக் கேட்காமல் பாலாடைக்கட்டித் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை அவர்தான் கவனித்து எழுதுகிறார். தங்கைக்கு எழுத்து வரும், சிநேகிதி உண்டு, கடிதம் போகும் இடம் உண்டு. மக்லுவாருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே என் கதையை அவள் எழுதியதாக வைக்காமல், வெள்ளி துலக்குபவளின் வரிசையில் நினைத்துக்கொள்வதாக வைத்தேன்.

அவளுக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது என்பதிலும் தடுமாறினேன். ஒரு வரைவில் வட்டார வழக்கைக் கொடுத்தேன். தீஞ் நகரத்து மூதாட்டி உடனே நம் ஊர்க்காரியாகிவிட்டாள், 1815ஆம் ஆண்டின் அக்டோபர் மாதமும் ஆல்ப்ஸ் மலைக் குளிரும் காணாமற்போயின. பிறகு, கத்தோலிக்கக் குடும்பங்களில் மேற்றிராணியாரை ஆண்டவர் என்று அழைக்கும் வழக்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றபடி எளிய எழுத்துத் தமிழையே கொடுத்தேன். கதையின் பிற்பகுதியை இங்கே தருகிறேன்.

*

கரண்டிகளைத் துடைக்கும்போது எண்ணுவது என் வழக்கம். ஆறு, ஆறு, பிறகு அகப்பை. அன்றிரவு ஐந்தாவது முள்கரண்டியைக் கூடையில் வைத்தபோது அவன் அறையைக் கடந்தான். ஆண்டவர் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவன் என்னைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தான். நான் அலமாரியைச் சாத்தினேன். சாவியை எடுக்கவில்லை. அந்த அலமாரியின் சாவியை யாரும் எடுத்ததில்லை. அன்று நான் எடுத்திருந்தால், ஆண்டவர் அதைப் பார்த்திருப்பார்.

மாடிக்குப் போய் அம்மையாரிடம், "அவன் பார்த்துவிட்டான்" என்றேன். "அண்ணன் இருக்கிறார்" என்றார் அவர். பிறகு நான் தூங்கிவிட்டேன். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை, நான் தூங்கிவிட்டேன்.

காலையில் கூடை இல்லை. ஓடினேன். எனக்கு மூச்சிரைப்பு, தோட்டத்தை எட்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. "ஆண்டவரே, வெள்ளிக் கூடை எங்கே இருக்கிறதென்று தெரியுமா?" என்றேன். "தெரியுமே" என்று அவர் பூப்பாத்தியிலிருந்து எடுத்த கூடையை நீட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. வெள்ளி எங்கே என்றேன். அது எங்கே என்று தமக்குத் தெரியாது என்றார். கூடை விழுந்து ஒரு செடி ஒடிந்திருந்தது. அவர் குனிந்து அதன் தண்டைத்தான் நிமிர்த்திக்கொண்டிருந்தார். மதிலின் மேல் ஓரம் பெயர்ந்திருந்ததை நான் காட்டினேன். அவர் செடியை விடவில்லை. அந்த வெள்ளி ஏழைகளுடையது, அந்த மனிதன் ஏழைதானே என்றார்.

"இனி ஆண்டவர் எதில் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். ஈயக் கரண்டி இல்லையா என்றார். ஈயம் நாறும் என்றேன். அப்படியானால் இரும்பு என்றார். இரும்பு நாக்கில் கசக்கும் என்றேன். "மரக் கரண்டி போதும்" என்றார். அவருக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் என் கைகளை நினைத்து அழுதேன்.

பாலில் ரொட்டியைத் தோய்த்து அவர் சாப்பிட்டு முடித்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மூன்று காவலர்கள் அவனைக் கழுத்துப்பட்டையில் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவன் பையின் வாய் திறந்திருந்தது. துணிக்கு நடுவே என் அகப்பையின் காம்பு தெரிந்தது. முந்தின நாள் சுண்ணப் பொடியிட்டுத் துலக்கியது, இன்னும் பளிச்சென்றிருந்தது. கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு கிட்டே.

ஆண்டவர் அவனிடம் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டார். ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்ப்பார், நான் போய் எடுத்துவர வேண்டும் என்று என் கால் முன்னே வந்தது. அவர் பார்க்கவில்லை. தாமே எழுந்தார். எழுபத்தைந்து வயதில் அவர் அவ்வளவு விரைவாக நடந்து நான் கண்டதில்லை. அடுப்புத்திட்டின் மேலிருந்து இரண்டையும் எடுத்து வந்தார். நான் எடுத்து வந்திருந்தால் அது நான் சொன்ன பொய்யும் ஆகியிருக்கும். அதை என்மேல் ஏற்றக் கூடாதென்றுதான் என்னைக் கேட்கவில்லை என்று பட்டது. என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது. தலைவனாக நின்ற காவலன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வெள்ளியைப் பற்றி வேலைக்காரியின் முகம் சொல்வதைத்தான் யாரும் நம்புவார்கள். நான் தண்டுகளையும் பார்க்கவில்லை, அகப்பையையும் பார்க்கவில்லை. மேசைத் துணியில் சிந்தியிருந்த ஒரு பால் துளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காவலர்கள் போனார்கள். ஆண்டவர் அவன் அருகே போய் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவன் கைகள் நடுங்கியதால் தண்டுகள் ஒன்றோடொன்று இடித்த ஓசை மட்டும் கேட்டது.

*

கதையை அந்த ஓசையோடு நிறுத்தியிருந்தேன். வாசித்த நண்பர் ஒருவர் அது போதும் என்றார். எனக்குப் போதவில்லை. வல்ழான் போய்விட்டான், அவனைத் தொடர ஒரு பெரிய நாவல் இருக்கிறது. அந்தத் தண்டுகளும் அவனோடு கடைசிவரை போகின்றன, அவன் சாகும்போது எரிபவை அவையே. மக்லுவாருக்கோ அன்று மாலையே மேசை போட்டாக வேண்டும், வீட்டில் ஒரு கரண்டிகூட இல்லை. அவளைக் கடைக்கு அனுப்பாமல் என்னால் கதையை விட முடியவில்லை. கடைசிப் பத்தி இது.

"மரச் சாமான் கடையில் கரண்டி கேட்டேன். எத்தனை என்றார். ஆறு என்றேன். நீங்கள் மூன்று பேர்தானே அம்மா, ஆறு எதற்கு என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எண்ணிக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்து, மறுபடி நானும் எண்ணினேன்."